புருவம் சுருங்கினால் கோபமா?



உங்கள் வீட்டில் ஓர் அக்காவோ அண்ணனோ படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தால், ‘இன்டர்வியூ’ என்ற சொல் உங்கள் காதில் விழுந்திருக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். இந்தப் பக்கம் உட்கார்ந்து அக்கா பதில் சொல்வார்.

இப்போது பல நிறுவனங்கள் இதை வீடியோவில் நடத்துகின்றன. அதில் ஒரு வகையில், எதிரே ஆளே இருக்க மாட்டார். கணினித் திரையில் கேள்வி எழுத்தாக வரும். யோசிக்கக் கொஞ்ச நேரம் கொடுப்பார்கள். பிறகு கேமரா ஓடத் தொடங்கும். அக்கா அந்தக் கேமராவைப் பார்த்துப் பேச வேண்டும். தலையாட்ட ஆளில்லை, சிரித்துத் தைரியம் கொடுக்கவும் ஆளில்லை.

அந்த வீடியோவை அப்புறம் யார் பார்ப்பார்கள்? சில நிறுவனங்களில் மனிதர்கள் பார்ப்பார்கள். சிலவற்றில் முதலில் பார்ப்பது ஒரு மென்பொருள். “முகத்தைப் பார்த்தே இவருடைய உணர்ச்சியைச் சொல்லிவிடுவேன், இவர் வேலைக்குச் சரிப்படுவாரா என்றும் சொல்வேன்” என்ற வாக்குறுதியோடு சில மென்பொருள்கள் விற்கப்படுகின்றன.

“அது எப்படி முடியும்?” என்று உங்களில் யாராவது இந்நேரம் கேட்டிருந்தால், சபாஷ்! விஞ்ஞானிகளும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். வாருங்கள், அந்த மென்பொருள் என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம்.

வீடியோ என்பது வேகமாக ஓடும் புகைப்படங்கள்தான். நொடிக்கு 30 படம் என்று வைத்துக்கொள்வோம். அக்கா இரண்டு நிமிடம் பேசினால் எத்தனை படம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 3,600 படங்கள்! மென்பொருள் ஒவ்வொரு படத்திலும் முதலில் முகத்தைத் தேடிப் பிடிக்கும். பிறகு கண்ணின் ஓரங்கள், புருவம், மூக்கு நுனி, உதட்டின் விளிம்பு என்று முகத்தின் மேல் புள்ளிகள் வைக்கும். 68 புள்ளிகள் வைப்பது ஒரு பழக்கமான முறை. அடுத்தடுத்த படங்களில் இந்தப் புள்ளிகள் எவ்வளவு நகர்ந்தன என்று அளந்தால், முகத்தில் எந்தத் தசை அசைந்தது என்று கணிக்கலாம்.

இந்தத் தசை அசைவுகளுக்கு எண்கள் உண்டு. 1978-ல் பால் எக்மன், வாலஸ் ஃப்ரீசன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் முக அசைவுகளுக்கெல்லாம் எண் போட்டு ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். ஒரு கண்ணாடியை எடுத்து வாருங்கள், நாமும் செய்து பார்ப்போம். இரண்டு புருவங்களையும் நடுவில் கூட்டி, கீழே இறக்குங்கள். அதுதான் 4-ம் எண். இப்போது உதட்டின் இரண்டு ஓரங்களையும் மேலே இழுங்கள். அது 12. கன்னம் மேலே ஏறி, கண்ணுக்குக் கீழே சுருக்கம் விழுகிறதா? அது 6.

செய்தீர்களா? நீங்கள் 4-ம் எண்ணைச் செய்தபோது உங்களுக்குக் கோபம் வந்ததா? வரவில்லை அல்லவா? இதை மறந்துவிடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இதுவரை மென்பொருள் செய்தது அளப்பது மட்டும்தான். வெளிச்சம் நன்றாக இருந்து, முகமும் நேராக இருந்தால் அதை ஓரளவு ஒழுங்காகவே செய்யும். அதில் எனக்கு வழக்கே இல்லை. அடுத்த படியில்தான் வம்பு தொடங்குகிறது.

“4-ம் எண் தெரிகிறது, ஆகவே இவருக்குக் கோபம்.” இந்த ‘ஆகவே’ எங்கிருந்து வந்தது? மென்பொருளுக்குக் கோபம் என்றால் என்னவென்று தெரியாது. அதற்கு ஆயிரக்கணக்கான முகப் படங்களைக் காட்டிப் பழக்குகிறார்கள். ஒவ்வொரு படத்தின் மேலும் யாரோ ஒரு மனிதர் ‘மகிழ்ச்சி’, ‘கோபம்’, ‘பயம்’ என்று ஒரு சீட்டு ஒட்டியிருப்பார். அந்தச் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து, இன்ன மாதிரி முகத்துக்கு இன்ன சீட்டு என்று அது பழகிக்கொள்கிறது.

இன்னொன்றும் கேளுங்கள். இப்படிப்பட்ட பல தொகுப்புகளில் படத்தில் இருப்பவர் உண்மையிலேயே கோபமாக இருந்தவர் கிடையாது. “கோபமாக இருப்பது மாதிரி முகத்தை வையுங்கள்” என்று சொல்லி எடுத்த படங்கள் அவை. பள்ளி நாடகத்தில் ராஜா வேஷம் போட்டவன் முறைப்பானே, அந்த முறைப்பைத்தான் மென்பொருள் கோபம் என்று கற்றுக்கொள்கிறது. ஒருவர் மனத்தில் இருப்பதை அது கற்கவில்லை. அந்த முகத்துக்கு மற்றவர்கள் என்ன பெயர் வைப்பார்கள் என்பதைத்தான் கற்கிறது. இதுவரை புரிந்ததா? புரியவில்லை என்றால் மேலே உள்ள இரண்டு பத்திகளை இன்னொரு தடவை படித்துவிட்டு வாருங்கள். அவசரமே இல்லை.

சரி, “கோபம் வந்தால் எல்லா மனிதருக்கும் முகம் ஒரே மாதிரி மாறும்” என்ற எண்ணம் எப்படி வந்தது?

நாம் சற்று முன் பார்த்த அதே எக்மன் 1960-களின் கடைசியில் பப்புவா நியூ கினிக்குப் போனார். அங்கே மலைப் பகுதியில் ஃபோரே என்ற மக்கள் வாழ்கிறார்கள். வெளியுலகத்தோடு அப்போது அவர்களுக்கு அதிகத் தொடர்பு இல்லை. எக்மன் குழு ஒரு குட்டிக் கதை சொல்லும். “இவருடைய குழந்தை இறந்துவிட்டது, இவர் துக்கமாக இருக்கிறார்” என்பது போல. பிறகு சில முகப் படங்களைக் காட்டி, இந்தக் கதைக்கு எந்த முகம் பொருந்தும் என்று கேட்கும். பல கதைகளுக்கு அந்த மக்கள் அமெரிக்கர்கள் தேர்ந்தெடுத்த முகத்தையே தேர்ந்தெடுத்தார்கள். உலகம் முழுக்க முகபாவங்கள் ஒன்றுதான் என்று எக்மன் முடிவு கட்டினார். பாடப்புத்தகங்களிலும் அது ஏறிவிட்டது.

பெரிய உழைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் சோதனையைக் கூர்ந்து பாருங்கள். இரண்டு மூன்று படங்கள்தான் முன்னால் இருக்கின்றன. கதையிலேயே ‘துக்கம்’ என்று உணர்ச்சியின் பெயரும் வந்துவிடுகிறது. கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லி, விடைகளையும் பக்கத்திலேயே கொடுத்தால் எப்படி இருக்கும்? தெரியாதவர்கூட ஒன்றை ஒன்றாக நீக்கிச் சரியான விடைக்கு வந்துவிடலாம் இல்லையா?

பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தார்கள். பப்புவா நியூ கினியைச் சேர்ந்த ட்ரோப்ரியண்ட் தீவுகளில் உங்களைவிடக் கொஞ்சம் பெரிய பிள்ளைகளிடம் கார்லோஸ் கிரிவெல்லி என்பவரும் அவருடைய குழுவினரும் சில படங்களைக் காட்டினார்கள். அதில் ஒரு முகம், கண்ணை அகல விரித்து வாயைத் திறந்திருந்தது. ஸ்பெயின் நாட்டுப் பிள்ளைகள் அதைப் பார்த்து, “பயந்துபோயிருக்கிறார்” என்றார்கள். தீவுப் பிள்ளைகளில் பலர் என்ன சொன்னார்கள் தெரியுமா? “இவர் கோபமாக இருக்கிறார், நம்மை மிரட்டுகிறார்” என்றார்கள்! முகம் ஒன்றுதான். ஓர் ஊரில் அது பயந்தவர் முகம், இன்னோர் ஊரில் பயமுறுத்துகிறவர் முகம். 2016-ல் இந்த ஆய்வு வெளிவந்தது.

அடுத்து, 2019-ல் ஒரு பெரிய அலசல் வந்தது. பாஸ்டன் நகரத்து உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பேரட், இன்னும் நான்கு விஞ்ஞானிகள், ஆக ஐந்து பேர் சேர்ந்தார்கள். ஐவரும் ஆரம்பத்தில் ஒரே கருத்து உடையவர்கள் இல்லை. அதனால்தான் அவர்களைச் சேர்த்து உட்காரவைத்தார்கள். இந்தத் துறையில் வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளை அவர்கள் படித்தார்கள். படித்துவிட்டு, ஒரே முடிவுக்கு வந்தார்கள்: முக அசைவை மட்டும் பார்த்து ஒருவருடைய உணர்ச்சியை நம்பகமாகச் சொல்ல முடியாது.

அவர்கள் சொன்ன ஓர் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வோம். பெரியவர்கள் கோபமாக இருக்கும்போது புருவத்தைச் சுருக்கி முறைப்பது ஏறக்குறைய 30 சதவீத நேரம்தான். மீதி நேரம் அவர்கள் வேறு ஏதாவது செய்கிறார்கள். சிலர் அழுகிறார்கள், சிலர் சிரிக்கிறார்கள், சிலர் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்கிறார்கள். அதே சமயம், கோபமே இல்லாதவர்களும் முறைக்கிறார்கள். கணக்கு வராதபோது, வயிறு வலிக்கும்போது, வெயிலில் கண் கூசும்போது எல்லாம் புருவம் சுருங்கத்தானே செய்கிறது?

இங்கே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாமல் இருக்க, ஒரு மாம்பழக் கூடையை நினைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் தோல் என்றால் இனிப்பு என்று யாரோ உங்களிடம் சொல்கிறார். நீங்கள் சோதிக்க வேண்டும். முதல் கேள்வி, இனிக்கிற பழங்களில் எத்தனை மஞ்சளாக இருக்கின்றன? இரண்டாவது கேள்வி, மஞ்சளாக இருக்கிற பழங்களில் எத்தனை இனிக்கின்றன? பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஒன்றல்ல. பச்சைத் தோலோடு இனிக்கிற பழமும் உண்டு, மஞ்சள் தோலோடு புளிக்கிற பழமும் உண்டு. இரண்டு கேள்விக்கும் நல்ல பதில் கிடைத்தால்தான் நிறத்தை நம்பிப் பழம் வாங்கலாம்.

இப்போது இதை இன்டர்வியூவுக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு பேர் வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். அவர்களில் 10 பேர் ஏதோ காரணத்தால் உண்மையிலேயே எரிச்சலில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 30 சதவீதம் என்றால், அந்தப் பத்துப் பேரில் 3 பேர்தான் முறைப்பார்கள். மீதி 90 பேருக்குக் கோபம் இல்லை. ஆனால் கேள்வி கஷ்டமாக இருக்கிறது, திரையின் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது. அவர்களில் ஐந்தில் ஒருவர் புருவத்தைச் சுருக்கினாலும் 18 பேர் ஆகிவிடும். இந்த 10-ம் 18-ம் நம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள்தான். கூட்டிப் பாருங்கள். முறைத்தவர்கள் மொத்தம் 21 பேர்.

மென்பொருள் அந்த 21 பேருக்கும் ‘கோபக்காரர்’ என்று சீட்டு ஒட்டுகிறது. அவர்களில் உண்மையில் கோபமாக இருந்தவர்கள் 3 பேர். 18 பேர் பாவம், யோசித்துக்கொண்டிருந்தவர்கள்! உண்மையில் எரிச்சலில் இருந்த 7 பேர் அதன் கண்ணில் படவே இல்லை. புள்ளி வைப்பதில் மென்பொருள் ஒரு தப்புக்கூடச் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு புருவத்தையும் சரியாகவே அளந்தது. அப்படியும் முடிவு தப்பாகிவிட்டது. இன்னும் நல்ல கேமரா வாங்கினால் இது சரியாகுமா? ஆகாது. ஏன் ஆகாது என்று இந்நேரம் நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இங்கே ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கையைத் தூக்கும் என்று எனக்குத் தெரியும். “அம்மா கோபமாக இருந்தால் முகத்தைப் பார்த்தே நான் கண்டுபிடித்துவிடுவேனே?” அருமையான கேள்வி! நீங்கள் முகத்தை மட்டுமா பார்க்கிறீர்கள்? ஊறுகாய் ஜாடியை உடைத்தது நீங்கள்தான் என்று உங்களுக்குத் தெரியும். அம்மாவின் குரல் மாறியிருக்கிறது, பாத்திரம் வைக்கும் சத்தம் பலமாகக் கேட்கிறது. அம்மாவை நீங்கள் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இத்தனையும் சேர்த்துத்தான் உங்கள் மூளை ஊகிக்கிறது. அப்படியும் சில நாள் தப்பாகிவிடும். அம்மாவுக்கு வெறும் தலைவலியாக இருக்கும். இன்டர்வியூ மென்பொருளுக்கு அக்காவை முன்பின் தெரியாது. அன்று காலையில் அவருக்கு என்ன நடந்தது என்றும் தெரியாது. இரண்டு நிமிட வீடியோ மட்டும்தான் அதனிடம் இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. முகத்தில் ஒரு பக்கத் தசை வேலை செய்யாமல் போகும் முகவாதம் என்ற நோய் சிலருக்கு வரும். அவர்கள் மனம் நிறையச் சிரித்தாலும் உதட்டின் ஓர் ஓரம்தான் மேலே போகும். ஆட்டிசம் உள்ள பலருடைய முகபாவங்களும் மற்றவர்கள் எதிர்பார்க்கிற மாதிரி இருப்பதில்லை. முகத்தைப் பார்த்து மென்பொருள் இவர்களுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தால் அது யார் குற்றம்? நினைத்தாலே எனக்கு மனம் பொறுக்கவில்லை.

இப்படி முகத்துக்கு மதிப்பெண் போடுவது நிஜமாக நடந்ததா என்று கேட்பீர்கள். நடந்தது. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் ஹயர்வியூ என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. 2004-ல் தொடங்கியது. வீடியோ இன்டர்வியூவுக்குப் பேர்போன நிறுவனம். வேலை கேட்பவர் என்ன சொற்களைப் பேசுகிறார், எப்படிப் பேசுகிறார் என்பதோடு, முகத்தை எப்படி அசைக்கிறார் என்பதையும் சேர்த்து அதன் மென்பொருள் மதிப்பெண் போட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட முதலாளிகள் அதைப் பயன்படுத்தினார்கள் என்றும், பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதன் வழியாகப் போயிருக்கிறார்கள் என்றும் ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழ் 2019 அக்டோபரில் எழுதியது. ஒருவருடைய மதிப்பெண்ணில் 29 சதவீதம் வரை முக அசைவிலிருந்து வரலாம் என்ற தகவலும் அதில் இருந்தது. பரீட்சையில் 100-க்கு 29 மதிப்பெண் உங்கள் கன்னத்துக்கும் புருவத்துக்கும் என்றால் எப்படி இருக்கும், சொல்லுங்கள்!

அடுத்த மாதமே, மக்களின் தனியுரிமைக்காகப் பாடுபடும் ஓர் அமைப்பு அரசின் வணிக ஆணையத்திடம் இந்த நிறுவனத்தின் மேல் புகார் கொடுத்தது. 2021 ஜனவரியில் ஹயர்வியூ ஓர் அறிவிப்பு வெளியிட்டது. முக அசைவை மதிப்பெண்ணில் சேர்ப்பதை விட்டுவிட்டோம் என்றது. அதற்குச் சொன்ன காரணம்தான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. பேசிய சொற்களை ஆராய்ந்தாலே போதுமான அளவு தெரிந்துவிடுகிறது, முகத்தைச் சேர்ப்பதால் பெரிதாக ஒன்றும் கூடவில்லை என்று அவர்களே கண்டுகொண்டார்கள். அப்படியென்றால் அதற்கு முன்னால் முகத்துக்காக மதிப்பெண் இழந்தவர்கள் எதற்காக இழந்தார்கள்?

அதே ஆண்டு ஜெர்மனியில் ஒரு வானொலி, தொலைக்காட்சி நிலையத்தின் செய்தியாளர்கள் வேறொரு நிறுவனத்தின் மென்பொருளைச் சோதித்தார்கள். அந்த மென்பொருள் வீடியோவைப் பார்த்து, ஒருவர் எவ்வளவு பொறுப்பானவர், எவ்வளவு பதற்றப்படுபவர் என்று குணத்தையே சொல்லுமாம். அவர்கள் ஒரு நடிகையை அழைத்து, ஒரே பதிலை ஒரே மாதிரி திரும்பத் திரும்பப் பேசவைத்தார்கள். ஒரு தடவை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு தடவை தலையில் துணி கட்டிக்கொண்டு. மதிப்பெண் மாறியது! பின்னணியில் புத்தக அலமாரி தெரிந்தபோதும் மாறியது. வீடியோவின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தபோதும் மாறியது. ஒரு மனிதருடைய குணம் பின்னால் நிற்கிற அலமாரியிலா இருக்கும்?

ஒரு கருவி எதை அளக்கிறது என்று சந்தேகம் வந்தால் விஞ்ஞானிகள் செய்வது இதைத்தான். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்திருப்பார்கள். மாறக் கூடாத விடை மாறினால், கருவி வேறு எதையோ அளக்கிறது என்று பொருள்.

சட்டம் போடுகிறவர்களும் விழித்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2020 ஜனவரி 1 முதல், வீடியோ இன்டர்வியூவை இப்படிப்பட்ட மென்பொருள் ஆராயப்போகிறது என்றால் முன்கூட்டியே சொல்லி, சம்மதம் கேட்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம், முகத்தைப் பார்த்து உணர்ச்சியை ஊகிக்கும் தன் வசதியை 2022-ல் நிறுத்துவதாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு படி மேலே போனது. வேலையிடத்திலும் பள்ளியிலும் ஒருவருடைய உணர்ச்சியை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை, மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் தவிர, 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்துவிட்டது. ஆளெடுப்பதும் அந்தத் தடைக்குள் வரும். என்னைக் கேட்டால், சரியான முடிவு என்பேன்.

படித்தது போதும், இனி உங்கள் முறை. பழைய செய்தித்தாளிலிருந்து பத்து முகங்களை வெட்டி எடுங்கள். கீழே இருக்கும் செய்தியை ஒட்ட வெட்டிவிடுங்கள். யார், எங்கே, எதற்காக என்று தெரியக் கூடாது. ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஓர் எண் எழுதுங்கள். நண்பர்கள் ஐந்து பேரிடம் படங்களைக் காட்டி, “இவர் மனத்தில் என்ன இருக்கிறது?” என்று மட்டும் கேளுங்கள். எந்தச் சொல்லையும் எடுத்துக்கொடுக்காதீர்கள். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு வேறு ஐந்து பேரிடம் அதே படங்களைக் கொண்டுபோங்கள். இந்தத் தடவை ‘மகிழ்ச்சி, கோபம், பயம், துக்கம்’ என்று நான்கு சொற்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

எந்தக் குழுவில் ஐந்து பேரும் ஒரே விடை சொன்ன படங்கள் அதிகம்? எண்ணிப் பார்த்து, ஓர் அட்டவணை போட்டு, பெயரும் வகுப்பும் எழுதி எனக்கு அனுப்புங்கள். எதிர்பார்த்த மாதிரி வராவிட்டாலும் அப்படியே அனுப்புங்கள், மாற்றி எழுத வேண்டாம்.